கேட்டது ஆறரை, வந்தது ஆறேகால்

ஒரு குடும்பம் தேக்குக் கட்டில் செய்யச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஏற்கெனவே ஒரு மெத்தை இருக்கிறது. அகலம் 72 அங்குலம், நீளம் 78 அங்குலம், அதாவது ஆறடிக்கு ஆறரை அடி. கடைக்காரர் கைப்பேசியில் காட்டிய கட்டில் படம் எல்லோருக்கும் பிடித்துவிடுகிறது. தலைமாட்டுப் பலகை தரையிலிருந்து 48 அங்குல உயரம், பக்கச் சட்டங்கள் தேக்கு, மெத்தைக்கு அடியில் வரும் பலகைகளும் தேக்கு என்று பேச்சு முடிகிறது. விலை 72,000 ரூபாய். முன்பணமாக 40,000 ரூபாயை யுபிஐயில் அனுப்புகிறார்கள். கூடவே வாட்ஸ்அப்பில் “மெத்தை 72×78, அதுக்குச் சரியா வரணும்” என்று ஒரு வரியும் போகிறது.

சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை வண்டி வருகிறது. இரண்டு பேர் மாடிக்குத் தூக்கி வந்து, போல்ட்டு முடுக்கி, கட்டிலை நிறுத்திவிட்டு 27,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். மிச்சம் 5,000. மெத்தையை எடுத்துப் போட்டதும்தான் தெரிகிறது, அது கால்மாட்டுப் பலகையின் மேல் ஏறி நிற்கிறது. டேப் வைத்து அளந்தால் உள்நீளம் 75 அங்குலம்தான். சந்தேகம் வந்து மற்றதையும் அளக்கிறார்கள். தலைமாடு 42 அங்குலம். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இருப்பது ப்ளைவுட். பக்கச் சட்டத்தின் உட்புறம் பாலீஷ் படாத இடத்தில் மரம் வெளுத்துக் கிடக்கிறது.

கடைக்குப் போன் போட்டால் பதில் தயாராக இருக்கிறது. “மேடம், ஆறரை அடிதான் போட்டிருக்கோம், வெளியில அளந்து பாருங்க.”

அளந்தால், அவர் சொல்வது சரி! உள்நீளம் 75, தலைமாட்டுப் பலகையின் கனம் ஒன்றரை, கால்மாட்டுப் பலகையின் கனம் ஒன்றரை. கூட்டினால் 78. இந்த இடத்தில் பலர் வாயடைத்துப் போய் மெத்தையை வெட்டக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் இன்னொரு முறை டேப்பை எடுத்து அகலத்தையும் அளந்திருக்க வேண்டும். அகலத்தின் உள் அளவு 72. இரு பக்கச் சட்டங்களும் சேர்ந்தால் வெளி அளவு 75. அகலத்தை உள் அளவில் எடுத்தவர், நீளத்தை மட்டும் வெளி அளவில் எடுத்திருக்கிறார். ஒரே கட்டிலில் இரண்டு விதமான அளவு இருக்க நியாயம் இல்லை. நடந்தது பட்டறைத் தவறு என்பதை அந்தக் கட்டிலே சொல்லிவிடுகிறது. புகாருக்கு இப்படிப்பட்ட சான்றுதான் உயிர். கோபமாக அனுப்பும் பத்து நிமிடக் குரல் பதிவைவிட, டேப் தெரியும்படி எடுத்த இரண்டு படங்கள் அதிகம் பேசும்.

குறை என்று எதைச் சொல்லலாம்

“டிசைன் கொஞ்சம் மாறினா அது குறையா? கட்டில் உறுதியா நிக்குதே” என்று கேட்பார்கள். சட்டம் இதற்கு நேரான விடை வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2(10) பிரிவு, பொருளில் குறைபாடு என்றால் என்ன என்று வரையறுக்கிறது. தரத்திலோ அளவிலோ, சட்டப்படி இருக்க வேண்டியதில் குறைவு இருந்தாலும் குறைபாடுதான். ஒப்பந்தப்படி இருக்க வேண்டியதில் குறைவு இருந்தாலும் குறைபாடுதான். ஆக, உலகத்தில் எந்தக் கட்டில் நல்ல கட்டில் என்ற விவாதமே வேண்டாம். நாம் பேசியது என்ன, வந்தது என்ன, அவ்வளவுதான். 75 அங்குலக் கட்டில் வேறொருவருக்கு அருமையான கட்டிலாக இருக்கலாம். 78 கேட்டவருக்கு அது குறைபாடுள்ள பொருள். சொன்னபடி செய்து கொடுப்பது சேவையும் ஆகும் என்பதால், 2(11) பிரிவு சொல்லும் சேவைக் குறைபாடாகவும் இதைக் காட்டலாம்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் துணைக்கு வரும். விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அதன் 15ஆம் பிரிவு. வாங்குபவர் என்ன தேவைக்கு வாங்குகிறார் என்பதைச் சொல்லி, விற்பவரின் தொழில் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. “மெத்தை 72×78, அதுக்குச் சரியா வரணும்” என்ற அந்த ஒற்றை வரியின் பெறுமானம் இப்போது புரியும். உள் அளவு, வெளி அளவு என்று யாரும் பேசியிருக்காவிட்டாலும் தேவை என்ன என்று சொல்லியாகிவிட்டது.

எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் வழக்கு போய்விட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. காட்டிய படம், அதை அனுப்பிய தேதி, முன்பணச் சீட்டு, யுபிஐ பதிவு, கடைக்காரரின் அளவு நோட்டில் அன்று எழுதிய பக்கம் ஆகியவை சேர்ந்தாலே ஓர் ஒப்பந்தம் உருவாகிவிடும். கட்டில் இன்னும் வரவில்லை, பட்டறையில் வேலை நடக்கிறது என்ற நிலையில் இருப்பவர்கள் இன்றே ஒரு செய்தி அனுப்பிவிடலாம்: “நாம பேசினபடி உள் அளவு 72×78, தலைமாடு தரையிலிருந்து 48, அடிப்பலகை தேக்கு. சரிதானே அண்ணே?” அதற்கு வரும் ஒரு ‘சரி’ போதும்.

எதைக் குறை என்று சொல்லக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இயற்கை மரத்தில் ரேகை பலகைக்குப் பலகை மாறும். நிறமும் சற்று மாறும். ஈரப்பதத்துக்கு ஏற்ப மரம் குறுக்குவாக்கில் விரிந்து சுருங்கும். அதனால் சட்டத்துக்குள் பொருத்திய பலகை ஓரத்தில் மயிரிழை இடைவெளி தெரியலாம். தச்சர் மெத்தைக்கு அரை அங்குலம் தாராளம் விடுவதும் நல்ல வேலைதான். இவற்றையெல்லாம் புகாரில் சேர்த்தால் உண்மையான நான்கு குறைகளும் சேர்ந்து வலுவிழக்கும்.

மரம் தேக்குதானா என்ற சந்தேகம் தனி வகை. பாலீஷ் நிறத்தை நம்ப முடியாது; சாயம் ஏற்றினால் எந்த மரமும் தேக்குப் போலத் தோன்றும். பாலீஷ் ஏறாத அடிப்பக்கத்தையும், போல்ட்டுத் துளையின் உட்புறத்தையும், பலகையின் வெட்டுமுனையையும் பார்க்க வேண்டும. தேக்கின் வைரப்பகுதி பொன்னிறம் கலந்த பழுப்பாக இருக்கும். தொட்டால் மெல்லிய எண்ணெய்ப் பசை தெரியும். சுரண்டினால் தோல் போன்ற ஒரு வாசனை வரும். வெட்டுமுனையில் வளையங்களும் அவற்றை ஒட்டி வரிசையாகச் சிறு துளைகளும் தெரியும். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. தேக்கு மரத்தின் வெளிப்பகுதியான வெளிறும் வெளுத்துத்தான் இருக்கும். அதுவும் தேக்குதான், ஆனால் பூச்சி எளிதில் அரிக்கும், நீண்ட நாள் உழைக்காது. “வேறு மரம்” என்று புகார் எழுதிவிட்டு, ஆய்வில் “தேக்கு” என்று முடிவு வந்தால் நம் பக்கம் சரிந்துவிடும். அதனால் “பக்கச் சட்டங்கள் தேக்கு வைரப்பகுதியாகத் தெரியவில்லை, வேறு மரமா அல்லது வெளிறா என்பதைத் தாங்கள் விளக்க வேண்டும்” என்று எழுதுவதே சரி. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடங்களில் மாதிரித் துண்டைப் பரிசோதித்து மரத்தின் இனத்தைச் சொல்வார்கள். வழக்கு என்று போனால், ஆய்வில்லாமல் தீர்மானிக்க முடியாத குறைக்கு ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது.

முதல் சில நாட்கள்

பொருளை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோமா இல்லையா என்பதில்தான் பாதி வழக்கு தங்கியிருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மூன்று விதமாக ஏற்றதாகக் கொள்ளலாம் என்கிறது. ஏற்றேன் என்று சொன்னால், சொந்தப் பொருளாகப் பாவித்து ஏதாவது செய்தால், அல்லது மறுப்புச் சொல்லாமல் நியாயமான காலம் கடந்தும் வைத்துக்கொண்டால். ஏற்றுக்கொண்ட பிறகு பொருளைத் திருப்பும் உரிமை பெரும்பாலும் போய், நஷ்ட ஈடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, பார்த்துச் சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை ஏற்றதாகாது என்று நமக்குப் பாதுகாப்பும் தருகிறது.

இதை வீட்டு நடைமுறைக்குக் கொண்டு வந்தால் இப்படி இருக்கும். வண்டியோடு வந்தவர் நீட்டும் சீட்டில் “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சாகியிருந்தால், கையெழுத்துக்கு மேலே “அளவு இன்னும் சரிபார்க்கவில்லை” என்று எழுதிவிடலாம். குறை தெரிந்த அன்றைக்கே படத்தோடு செய்தி அனுப்ப வேண்டும். அந்தக் கட்டிலில் படுத்து உறங்கத் தொடங்கக்கூடாது. கால்மாட்டுப் பலகையைக் கழற்றி மெத்தையை நீட்டிக்கொள்வது, உள்ளூர் ஆசாரியைக் கூப்பிட்டுத் துண்டு வைத்துச் சரிசெய்வது, மெத்தையை வெட்டுவது எல்லாம் அப்புறம் நமக்கே எதிராக நிற்கும். இட நெருக்கடி உள்ள வீட்டில் இது பெரிய தொல்லை என்று தெரியும். ஆனாலும் சுவரோரம் சாய்த்து வைத்துத் தரையில் மெத்தை போட்டுப் படுப்பதே மேல்.

மீதி 5,000 ரூபாயைப் பற்றியும் ஒரு சொல். “தரமாட்டேன்” என்று சொன்னால் பணம் தராததால் வேலை நின்றது என்று கதை திரும்பிவிடும். “ஒப்புக்கொண்டபடி முடித்துத் தந்த அன்றே தருகிறேன்” என்று எழுத்தில் சொல்வதுதான் சரி.

திருத்தமா, பணமா

புகார் எழுதும் முன் முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது. கோபம் இதற்குப் பதில் சொல்லக்கூடாது. கட்டிலின் அமைப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கட்டில் என்பது நான்கு பெரிய பாகங்கள். தலைமாடு, கால்மாடு, இரண்டு பக்கச் சட்டங்கள். இவை போல்ட்டிலோ கொக்கியிலோ பூட்டியிருக்கும், கழற்றி மாட்டலாம். ஆகவே நீளம் மட்டும் குறைந்திருந்தால் பக்கச் சட்டங்கள் இரண்டையும், நடுத்தாங்கியையும், அடிப்பலகைகளில் தேவையானதையும் புதிதாகச் செய்தால் போதும். தலைமாடும் கால்மாடும் அப்படியே இருக்கும். அகலம் குறைந்திருந்தால் கதையே வேறு. தலைமாடு, கால்மாடு இரண்டும் மாற வேண்டும், குறுக்குப் பலகைகள் எல்லாம் மாற வேண்டும். அது புதுக் கட்டில் செய்வதற்குச் சமம்.

நீளக் குறைவுக்குச் சில பட்டறைகளில் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். “மூணு அங்குலத் துண்டை ஒட்டி பாலீஷ் போட்டுடறேன், தெரியவே தெரியாது.” இதை ஒப்புக்கொள்ளக்கூடாது. கட்டிலில் உட்கார்ந்து எழும் பாரம் முழுவதும் பக்கச் சட்டத்தின் முனையில்தான் போய் இறங்குகிறது. பூட்டு இருப்பதும் அங்கேதான். அந்த முனையை மூன்று அங்குல ஒட்டுத் துண்டாக வைத்தால் கொஞ்ச நாளில் ஒட்டு விட்டு முனகத் தொடங்கும். முழு நீளச் சட்டமாக மாற்றச் சொல்ல வேண்டும்.

தலைமாட்டு உயரமும் அப்படித்தான். ஓரக்கால்கள் தரையிலிருந்து உச்சி வரை ஒரே துண்டாக ஓடுவது நல்ல வேலை. மேலே ஆறு அங்குலம் ஒட்டினால் இணைப்புக் கோடு பாலீஷுக்குள்ளும் தெரியும். நடுப்பலகையின் அமைப்பும் படத்தில் கண்டதிலிருந்து மாறிவிடும். 48 வேண்டுமென்றால் தலைமாட்டைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அடிப்பலகை எளிது, ப்ளைவுட்டை எடுத்துவிட்டுத் தேக்குப் பலகை போட்டுவிடலாம். நிறக் குறையும் எளிதுதான்; தேய்த்து மறுபடி பாலீஷ் போடலாம். ஆனால் புதுப் பாகத்துக்கு மட்டும் பாலீஷ் போட்டால் பழையதோடு நிறம் சேராது. முழுக் கட்டிலுக்கும் போட வேண்டும் என்று முன்பே பேசிவிட வேண்டும். மரமே வேறு என்றால் திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பாகம் மாறியே ஆக வேண்டும்.

இப்போது நம் உதாரணத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கச் சட்டம் இரண்டும் போகிறது. தலைமாடு போகிறது. அடிப்பலகை போகிறது. மிஞ்சுவது கால்மாடு மட்டும். இந்த நிலையில் “திருத்திக் கொடுங்கள்” என்பதன் பொருள் கிட்டத்தட்ட “வேறு கட்டில் செய்து கொடுங்கள்” என்பதுதான். அதனால் குறிப்பிட்ட நாளுக்குள் முழுமையாக மாற்றித் தருவது, இல்லையேல் பணத்தைத் திருப்புவது என்று கேட்பது நியாயமான கோரிக்கை. நீளம் மட்டும் குறைந்திருந்து, எடுத்த எடுப்பில் 72,000 ரூபாயையும் திருப்பிக் கேட்டால் அது அத்தனை நியாயமாக இருக்காது. கடைக்காரரும் இறங்கி வரமாட்டார்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, பலர் யோசிப்பதில்லை. வேறுபாடு வாழ்வதற்குத் தடையில்லை என்றால் பொருளை வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்லலாம். தேக்கு அடிப்பலகைக்குப் பதில் ப்ளைவுட் மட்டும்தான் குறை என்றால், இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும் கூலியையும் மர வாடியில் கேட்டு எழுதி, அதைக் கழித்துக்கொள்வது இருவருக்கும் சிரமமில்லாத தீர்வு. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59ஆம் பிரிவும் இதற்கு இடம் தருகிறது.

கடிதம்

கடிதத்தில் வசவு வேண்டாம், வரலாறும் வேண்டாம். பேசியது, வந்தது, கேட்பது, எந்த நாளுக்குள் என்ற நான்கும் இருந்தால் போதும். நம் உதாரணக் குடும்பம் இப்படி எழுதலாம்:

*ஐயா,*

*தங்கள் கடையில் ஏப்ரல் 6 அன்று ஒரு தேக்குக் கட்டிலுக்கு ஆர்டர் கொடுத்தேன். விலை ரூ.72,000. அன்றே ரூ.40,000 யுபிஐ மூலம் செலுத்தினேன். மே 9 அன்று கட்டில் வீட்டில் பொருத்தப்பட்டது, அப்போது ரூ.27,000 கொடுத்தேன். ரசீது நகல்கள் இத்துடன் உள்ளன.*

*வந்த கட்டில் கீழ்க்கண்ட நான்கு விதத்தில் ஒப்புக்கொண்டதிலிருந்து மாறுபட்டுள்ளது.*

*உள்நீளம்: ஒப்புக்கொண்டது 78 அங்குலம், வந்தது 75 அங்குலம். மெத்தை அளவு 72×78 என்பதை ஏப்ரல் 6 அன்று வாட்ஸ்அப்பில் தெரிவித்துள்ளேன். அகலம் உள் அளவில் சரியாக 72 அங்குலம் உள்ளது.*

*தலைமாட்டு உயரம்: ஒப்புக்கொண்டது தரையிலிருந்து 48 அங்குலம்; வந்தது 42 அங்குலம்.*

*அடிப்பலகை: ஒப்புக்கொண்டது தேக்கு, வந்தது ப்ளைவுட்.*

*பக்கச் சட்டம்: தேக்கு வைரப்பகுதியாகத் தெரியவில்லை. எந்த மரம் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.*

*குறைகளை மே 9 அன்று இரவே தங்களுக்குத் தெரிவித்தேன். இந்தக் கட்டிலை நான் ஏற்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை. தாங்கள் எந்நாளும் வந்து பார்க்கலாம்.*

*இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பக்கச் சட்டங்கள், தலைமாடு, அடிப்பலகை ஆகியவற்றைத் தங்கள் செலவில் புதிதாகச் செய்து, ஒட்டுத் துண்டு இல்லாமல், முழுக் கட்டிலுக்கும் ஒரே நிறப் பாலீஷுடன் பொருத்தித் தர வேண்டுகிறேன். முடித்த அன்றே மீதி ரூ.5,000 தருகிறேன். இதற்குச் சம்மதமா என்பதை 7 நாட்களுக்குள் தெரிவிக்கவும்.*

*சம்மதமில்லை என்றாலோ, அந்தக் காலத்துக்குள் முடியவில்லை என்றாலோ, நான் செலுத்திய ரூ.67,000ஐத் திருப்பித் தந்து கட்டிலைத் தங்கள் செலவில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவேன்.*

இதை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்தாமல், கடை முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையுடன் அனுப்ப வேண்டும். உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும், அதுவும் சான்றுதான்.

“ஆர்டருக்குச் செஞ்ச சாமான், திருப்பி எடுக்க மாட்டோம்” என்பது அடுத்து வரக்கூடிய பதில். நமக்கு மனம் மாறியதால் திருப்பினால் அந்தப் பதில் செல்லும். ஆர்டர்படி செய்யாத சாமானுக்கு அது பொருந்தாது. குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. ரசீது தராமல் விற்பதும் அதே பட்டியலில் வருகிறது.

கடைக்காரர் சம்மதித்துவிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் அங்கேயும் கவனம் தேவை. கட்டிலையோ பாகங்களையோ பட்டறைக்கு எடுத்துப்போகும்போது என்னென்ன எடுத்துப்போகிறார்கள், எதற்காக, எப்போது திரும்பும் என்று கையெழுத்துப் பெற வேண்டும். சீட்டு இல்லாமல் கட்டில் வண்டியேறிவிட்டால் பணமும் அவரிடம், பொருளும் அவரிடம். புதுப் பாகங்கள் தயாரானதும் பாலீஷ் ஏறும் முன்பே பட்டறைக்குப் போய்ப் பார்ப்பது மிகவும் நல்லது. பச்சை மரத்தில் ஒட்டும் தெரியும், வெளிறும் தெரியும், அளவு தவறியிருந்தால் அங்கேயே திருத்தவும் முடியும்.

ஆணையத்துக்குப் போனால்

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அவர்கள் எதிர்த்தரப்பைத் தொடர்புகொண்டு பேசித் தீர்க்க முயல்வார்கள். ஆணையிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பெயர் பெற்ற நிறுவனங்களிடம் இது பலன் தர வாய்ப்பு அதிகம். தெருமுனைப் பட்டறையிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது என்பது என் கருத்து.

மாவட்ட ஆணையம் 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருள்களின் புகாரை எடுக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கடை வேறு ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இணையத்தில் e-jagriti.gov.in வழியாகவும் செய்யலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அலுவலகத்துக்கோ விடுதிக்கோ வியாபாரமாக வாங்கிய சாமான் என்றால் இந்தக் கதவு பொதுவாகத் திறக்காது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியதற்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள் சிவில் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

எதிர்த்தரப்பின் பெயரில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பலகையில் உள்ள கடைப் பெயர் வேறு, சட்டப்படி உரிமையாளர் வேறாக இருக்கலாம். ரசீதில் ஜிஎஸ்டி எண் இருந்தால் gst.gov.in தளத்தில் அதைத் தேடிப் பதிவான சட்டப்பெயரைப் பார்த்துவிடலாம். தவறான பெயருக்குப் போன நோட்டீசால் மாதங்கள் வீணாகும்.

நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாட்கள். அதற்கு மேல் 15 நாட்கள் வரை ஆணையம் நீட்டலாம், அதைத் தாண்டி முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆய்வகப் பரிசோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இதைவிட அதிகம் ஆகலாம் என்று மனத்தைத் தயார் செய்துகொள்வது நல்லது. அதனால்தான் அளவில் நிரூபிக்கக்கூடிய குறைகளை முன்னே வைத்து, மர இனத்தைப் பின்னே வைப்பது சாதுரியம். நீளக் குறைவுக்கு ஆய்வகம் வேண்டாம், டேப் போதும்.

குறை மெய் என்று கண்டால் 39ஆம் பிரிவின் கீழ் ஆணையம் குறையை நீக்கச் சொல்லலாம், அதே விவரமுள்ள புதுப் பொருள் தரச் சொல்லலாம், விலையை வட்டியோடு திருப்பச் சொல்லலாம், நஷ்ட ஈடும் செலவும் தரச் சொல்லலாம். கேட்காததைக் கிடைக்கும் என்று எண்ணியிராமல், மனுவிலேயே முதல் கோரிக்கை, அது முடியாவிட்டால் மாற்றுக் கோரிக்கை என்று வரிசையாகக் கேட்டுவிட வேண்டும். ஆணைக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கெனத் தனி மனு போட வேண்டும், தானாக நடக்காது.

பணம் திருப்பச் சொல்லி ஆணை வந்தால் கட்டிலும் திரும்பிப் போக வேண்டும். அதுவரை ஈரம் படாத இடத்தில், போல்ட்டு ஒன்றுகூடக் குறையாமல் அதைப் பத்திரமாக வைத்திருப்பது நம் பொறுப்பு. தொகை கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு ஆளை வரச் சொல்லி, நான்கு பாகங்களையும் எண்ணிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.